பள்ளி வேனில் சீண்டப்படும் பிள்ளை: வீட்டில் தொடங்கி மூன்று வாரம், படிப்படியாக

பல்லடம் பக்கம் ஒரு கிராமத்தில் மாலை டியூஷன் எடுக்கிறேன். ஐந்தேகாலுக்கு வேன் வந்து நின்றால் பிள்ளைகள் நேராக என் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். பெற்றோரில் பாதிப்பேருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. ஒன்றரை ஷிப்ட் முடித்து வீடு சேர எட்டரை ஆகிவிடும். பிள்ளை வேனிலிருந்து எந்த முகத்தோடு இறங்குகிறது என்பதை அவர்கள் பார்ப்பதே இல்லை, நான்தான் பார்க்கிறேன்.

இதில் வரும் பையனைக் கதிர் என்று வைத்துக்கொள்வோம். ஏழாம் வகுப்பு, தனியார் பள்ளி. அவன் வீட்டாரோடு சேர்ந்து செய்ததைத்தான் வரிசையாக எழுதுகிறேன். அதற்கு முன்னால் என் மகன் விஷயத்தில் நானே இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்து கெடுத்திருக்கிறேன். அதுவும் உள்ளே வரும்.

தொடங்கும் முன் தேவையானவை

ஒரு 40 பக்க நோட்டு, மாதக் காலண்டர், பள்ளி டைரி. இவற்றைவிட முக்கியம், வீட்டில் பேசப்போவது யார் என்ற முடிவு. அம்மாவா, அப்பாவா, யாராவது ஒருவர் மட்டும். நாலு பேர் நாலு விதமாகக் கேட்டால் பிள்ளை நாலு விதமாகச் சொல்லும். பிறகு "மாத்தி மாத்திப் பேசறான்" என்று அவன் மேலேயே பழி வரும்.

1. குசும்பா, சீண்டலா?

நம் பக்கம் எல்லாவற்றையும் குசும்பு என்று சொல்லிக் கடந்துவிடுவோம். குசும்பு நம் ஊர்ச் சொத்துதான், மறுக்கவில்லை. ஆனால் குசும்பில் இரண்டு பக்கமும் சிரிப்பு இருக்கும், இன்றைக்கு நீ, நாளைக்கு நான் என்று முறை மாறும். "போதும்டா" என்றால் நின்றுவிடும்.

நார்வே நாட்டு உளவியலாளர் டான் ஓல்வியூஸ் இதற்கு மூன்று அடையாளம் சொன்னார். வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, இருவருக்கும் பலம் சமமாக இல்லாதது. கடைசி அடையாளத்தைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். சமவயதுப் பையன்கள் இருவர் கட்டிப் புரண்டால் அது சண்டை, இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசித் தீர்க்கலாம். ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் இருவர் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனைத் தினமும் பிடித்துக்கொண்டால் அதைச் சண்டைபோலத் தீர்க்கப் போகக்கூடாது. ஏன் என்பது ஏழாவது படியில் வரும்.

2. எந்த மாற்றத்தைக் கவனிப்பது

அழுகையை எதிர்பார்த்துக் காத்திருக்காதீர்கள். பத்து வயதுக்கு மேல் பல பிள்ளைகள் வீட்டில் அழுவதில்லை. பொருள்களும் உடம்பும்தான் முதலில் காட்டிக் கொடுக்கும்.

கதிரிடம் முதலில் பிடிபட்டது தண்ணீர் பாட்டில். காலையில் நிரப்பிக் கொடுத்தது மாலையில் அப்படியே வந்தது. என் வீட்டுக்கு வந்ததும் பையைக் கூடக் கழற்றாமல் பாத்ரூமுக்கு ஓடுவான். பள்ளியில் தண்ணீர் குடித்தால் கழிவறைக்குப் போக வேண்டும், அங்கே பெரிய பையன்கள் நிற்பார்கள், அதனால் குடிப்பதையே நிறுத்திவிட்டான். இது பிறகு தெரிந்த விஷயம். அப்போது அவன் அம்மா, "வெயில் கொறஞ்சுதுல்ல, அதான் குடிக்கறதில்லைனு நெனச்சேன்" என்றார்.

வேறு சிலவும் உண்டு. ஜியாமெட்ரி பாக்ஸ் மூன்றாவது முறை தொலைவது, பையின் வார் தையல் பிரிந்து வருவது, வந்ததும் அள்ளி அள்ளிச் சாப்பிடுவது, காரணம் சொல்லாமல் பத்து ரூபாய் கேட்பது, தம்பி தங்கைமேல் எரிந்து விழுவது, விட்டுப்போன படுக்கை நனைப்பு திரும்ப வருவது. இதில் ஒன்று மட்டும் இருந்தால் அதற்கு நூறு காரணம் இருக்கலாம். இரண்டு மூன்று சேர்ந்து, அதுவும் ஒரே மாதத்துக்குள் புதிதாக வந்திருந்தால் கவனியுங்கள்.

வயிற்றுவலி என்றால் கிழமையைப் பாருங்கள். ஞாயிறு சாயங்காலம் வந்து, லீவு நாளில் காணாமல் போகிற வலி பள்ளியோடு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். அதற்காக டாக்டரிடம் போகாமல் இருக்க வேண்டாம். சிறுநீரை அடக்கிப் பழகும் பிள்ளைக்கு உண்மையிலேயே தொற்று வரலாம். இரண்டையும் பாருங்கள்.

3. கேட்பதற்கு முன் பெரியவர்களைத் தயார்ப்படுத்துங்கள்

இந்தப் படியை எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள். பிள்ளை வாயைத் திறந்ததும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அப்பாரு, "எங்க காலத்துல ஒரே சாத்துதான், அதோட அடங்கிருவானுங்க" என்பார். அத்தோடு பேச்சு முடிந்தது. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால் பிள்ளைக்குக் கேட்பது என்னவோ, "உனக்குத் தெம்பில்ல" என்பதுதான்.

அதனால் முந்தின நாளே வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: "அப்பா, பையன் ஏதோ மனசுல வெச்சிருக்கான். நான் கேட்டுக்கறேனுங்க. அவன் சொல்லி முடிக்கிற வரைக்கும் யாரும் ஒண்ணும் சொல்ல வேண்டாங்க."

4. முதல் பேச்சு

நேரம்: இரவு எட்டரைக்கு வேண்டாம். உங்களுக்கும் அலுப்பு, பிள்ளைக்கும் தூக்கம். கதிரின் அம்மா ஞாயிறு காலையைத் தேர்ந்தெடுத்தார். வாசலில் முறத்தை வைத்துக் கடலைக்காய் உரித்துக்கொண்டே பேசினார். கைக்கு வேலை இருந்தால் கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை. கண்ணைப் பார்க்காவிட்டால் பிள்ளைக்குச் சொல்வது சுலபம்.

"உன்னை யாராவது அடிக்கறாங்களா?" என்று தொடங்கினால் "இல்ல" என்ற ஒரே பதில்தான் வரும். பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். அவர் கேட்டது இப்படி:

"கண்ணு, இந்த வாரம் பூரா தண்ணி பாட்டில் ரொம்பினாப்பலயே வருது. ஸ்கூல்ல குடிக்கறதில்லீங்களா சாமி?"

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அவரும் சும்மா உரித்துக்கொண்டிருந்தார். அந்த மௌனத்தை நிரப்பப் போகாதீர்கள். பிறகுதான் கழிவறை வந்தது, வேன் வந்தது, கடைசியில் பட்டப்பெயர் வந்தது. அவனைப் "பிசிறு" என்று கூப்பிடுகிறார்கள். அவன் அம்மா பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறார். அவர் மனசு நோகக்கூடாது என்றுதான் இரண்டு மாதம் வாயே திறக்காமல் இருந்திருக்கிறான்.

பிள்ளைகள் சொல்லாததற்குப் பயம் மட்டும் காரணமில்லை. பல நேரம் நம்மைக் காப்பாற்றத்தான் சொல்லாமல் இருக்கிறார்கள். அதனால் கேட்கும்போது நீங்கள் உடையக்கூடாது, கொதிக்கவும் கூடாது. அழுகை வந்தால் அப்புறம் தனியாக அழுதுகொள்ளலாம்.

கேட்டு முடித்ததும் சொல்ல வேண்டியது மூன்று வரிதான்: "எங்கிட்டச் சொன்னது நல்லதாப் போச்சு. இதுல உம்மேல தப்பு ஒண்ணும் இல்ல. உனக்குத் தெரியாம நான் எதுவும் செய்ய மாட்டேன்."

மூன்றாவது வரியைக் கவனித்துச் சொல்லுங்கள். "யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பள்ளிக்குப் போய்த்தான் ஆக வேண்டும், அப்போது அந்த வாக்கு உடையும்.

சொல்லக்கூடாதவையும் மூன்று. "நீ என்ன பண்ணுன?" என்றால் விசாரணை ஆகிவிடும். "கண்டுக்காத, போயிரும்" என்றால் சொல்லிப் பிரயோஜனம் இல்லை என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும். "திருப்பிச் சாத்திட்டு வா" என்றால், அவன் அடிக்க முடிகிறவனாக இருந்திருந்தால் முன்பே அடித்திருப்பான். முடியாதவனுக்கு இப்போது வீட்டிலும் ஒரு தோல்வி. அடித்தே விட்டாலும் பள்ளி இருவருக்கும் ஒரே தண்டனை கொடுக்கும், உங்கள் புகாருக்கு எடை போய்விடும்.

5. இவை இருந்தால் வரிசையை விடுங்கள்

பிள்ளை "நான் இல்லாமப் போயிட்டா நல்லாருக்கும்" என்கிற மாதிரி பேசினாலோ, தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ தனியாக விடாதீர்கள். "சாகணும்னு தோணுதா கண்ணு?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மாத்திரை, தோட்டத்துக்கு அடிக்கும் மருந்து எல்லாம் அன்றைக்கே பூட்டுக்குள் போக வேண்டும். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள். உடனடி ஆபத்து என்று பட்டால் நேராக ஆஸ்பத்திரி.

உடம்பைத் தொட்டுத் தவறாக நடந்திருந்தால் அது போக்சோ சட்டத்தில் வரும். தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். பள்ளிக்குள் பேசி முடிக்கிற விஷயம் அல்ல. குழந்தைகள் உதவி எண் 1098.

சாதியைச் சொல்லிச் சீண்டினால் கடிதத்தில் அதைக் "கேலி" என்று மழுப்பாதீர்கள். சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள். பட்டியலினப் பிள்ளையாக இருந்தால் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இருக்கிறது.

6. நோட்டுப் போடுங்கள்

கதிரும் அம்மாவும் காலண்டரை விரித்துப் போன இரண்டு வாரத்தைக் கிழமை கிழமையாக நினைவுபடுத்தினார்கள். "எப்ப நடந்துச்சு?" என்றால் "தினமும்" என்பான். "அன்னிக்கு என்ன பீரியட், யாரு பக்கத்துல உக்காந்தா?" என்று கேட்டால் சரியாக வரும். ஒரு பதிவு இப்படி இருந்தது:

"புதன், மாலை 5 மணி சுமார், வேன், கடைசி சீட். ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் இருவர். 'பிசிறு, கீழ உக்காரு' என்றார்கள். பையை இழுத்ததில் இடது வார் பிரிந்தது. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி பார்த்தாள். கதிர் தரையில் உட்கார்ந்து வந்தான்."

அவ்வளவுதான். "பொறுக்கிகள்", "ரவுடித்தனம்" என்றெல்லாம் எழுத வேண்டாம். பள்ளியில் படித்தால் வாதம் அந்த வார்த்தையில் மாட்டிக்கொள்ளும். பிய்ந்த வாரைத் தைப்பதற்கு முன் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

எழுதி முடித்ததும் ஒரு விஷயம் தானாகத் தெரிந்தது. எல்லாப் பதிவும் திங்கள், புதன், வெள்ளி. செவ்வாயும் வியாழனும் ஒன்பதாம் வகுப்புக்கு ஸ்பெஷல் கிளாஸ், அவர்கள் அடுத்த ட்ரிப்பில் வருகிறார்கள். அதிலும் எல்லாமே கடைசி பன்னிரண்டு நிமிஷத்தில். வேன் உதவியாளர் அக்காவின் வீடு வழியில் இருப்பதால் அவர் முன்னாலேயே இறங்கிக்கொள்கிறார். அதற்குப் பிறகு டிரைவர் மட்டும்தான், பாட்டு சத்தமாக ஓடும்.

"என் பையனை மிரட்டறாங்க" என்பதற்கும், "உதவியாளர் இறங்கிய பிறகு, வாரத்தில் மூன்று நாள், பன்னிரண்டு நிமிஷம்" என்பதற்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் இந்த நோட்டு. முதலாவதற்குப் பள்ளி ஆறுதல் சொல்லும். இரண்டாவதற்கு ஏதாவது செய்தாக வேண்டும்.

நோட்டு முழுசாக நிரம்பட்டும் என்று காத்திருக்காதீர்கள். திங்கள் காலையே டிரைவரிடம் கதிரின் அம்மா சொன்னது, "அண்ணா, பையனுக்குப் பின்னாடி உக்காந்தா ஒத்துக்கறதில்லீங்க, உங்களுக்குப் பின் சீட்டுல உக்கார வைங்க." பெரிதாக விளக்கவில்லை, இடம் மாறினால் போதும். பக்கத்து வீட்டுப் பெண்ணிடமும் ஒரு சின்ன உதவி கேட்டார்கள். கதிர் ஏறியதும் "இங்க வா, இடம் இருக்கு" என்று கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். பெரிய பையன்களை எதிர்த்துப் பேசச் சொல்லவில்லை. கூட ஒரு ஆள் இருந்தாலே சீண்டல் குறையும்.

கதிருக்கும் ஒரு வரி சொல்லிக் கொடுத்தோம்: "அப்படிக் கூப்பிடாதீங்க. எம்பேரு கதிர்." சொல்லிவிட்டு நிற்காமல் முன் சீட்டுக்குப் போய்விட வேண்டும். என் திண்ணையில் ஏழெட்டு முறை ஒத்திகை பார்த்தோம். முதல் இரண்டு முறை குரல் உள்ளேயே போனது. சத்தமாகச் சொல்லிப் பழகாத வரி தேவைப்படும் நேரத்தில் வாயில் வராது.

7. பள்ளிக்குப் போவது

என் மகன் ஆறாவது படிக்கும்போது நான் நேராக வேன் ஸ்டாப்புக்குப் போய் அந்தப் பையனைப் பிடித்துக் கத்தினேன். சுற்றிலும் ஊர் நின்றது. அந்தப் பையனின் அம்மா எங்களுக்கு ஒரு வகையில் சொந்தம். மறுநாள் பள்ளியில் விவாதம் என் மகனைப் பற்றி இல்லை, நான் பிறத்தியார் பிள்ளையைத் திட்டியதைப் பற்றி. வேனில் அவனுக்கு "அம்மா வந்துருவாங்க" என்ற புதுப் பட்டமும் சேர்ந்தது. அதனால் சொல்கிறேன், அந்தப் பெற்றோரிடமோ பையனிடமோ நீங்களாகப் போகாதீர்கள். வாட்ஸ்அப் குரூப்பில் போடவும் வேண்டாம். பள்ளி வழியாகவே போகட்டும்.

போவதற்கு முன் பிள்ளையிடம் சொல்லுங்கள்: "புதன்கிழமை மிஸ்ஸைப் பாக்கப் போறேன். இதெல்லாம் சொல்லப் போறேன். எதையாவது சொல்ல வேண்டாம்னா இப்பவே சொல்லு." கதிர் ஒன்றே ஒன்று கேட்டான், பட்டப்பெயரை வகுப்பில் எல்லார் முன்னாலும் படிக்கக்கூடாது என்று. அதையும் கடிதத்தில் சேர்த்தோம்.

முதலில் வகுப்பாசிரியர், கூடவே தலைமையாசிரியர் அல்லது முதல்வர். கடிதம் ஒரு பக்கம், இரண்டு பிரதி. ஒன்றில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது மறந்துபோகும். கடைசிப் பத்தி இப்படி முடிந்தது:

"1. கடைசிப் பிள்ளை இறங்கும் வரை உதவியாளர் வேனில் இருக்க வேண்டும். 2. அந்த இரு மாணவர்களுக்கும் வேறு இடத்தில் சீட் ஒதுக்க வேண்டும். 3. இடைவேளையில் கழிவறைப் பக்கம் ஒரு ஆசிரியர் நிற்க வேண்டும். என்ன செய்யப்பட்டது என்பதை வரும் திங்களுக்குள் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்."

முதலாவது நாம் கேட்கும் சலுகை இல்லை. பள்ளி வாகனங்களுக்கான 2012 தமிழ்நாடு சிறப்பு விதிகளே வண்டியில் உதவியாளர் இருக்க வேண்டும் என்கின்றன. அந்தப் பையன்களுக்கு என்ன தண்டனை என்பதை நாங்கள் கேட்கவே இல்லை. அதைக் கேட்டால் பேச்சு முழுக்க அங்கேயே போய்விடும்.

ஒரு இடத்தில் மட்டும் விட்டுக் கொடுக்காதீர்கள். "மூணு பேரையும் கூப்பிட்டுக் கை குடுக்க வெச்சர்றோம்" என்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். பலம் சமமாக இல்லாத இடத்தில் எதிரெதிரே நிற்க வைத்தால் சின்னவன் ஆசிரியர் முன்னால் "ஒண்ணும் இல்ல மிஸ்" என்பான், வேனில் அதற்கும் சேர்த்து வாங்குவான். அவர்களைத் தனியாக, இவனைத் தனியாக விசாரிக்கட்டும்.

அரசுப் பள்ளியாக இருந்தால் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோரிடமும் சொல்லலாம். எந்தப் பள்ளியானாலும் பதில் வரவில்லை என்றால் அந்தச் சீல் வைத்த பிரதியோடு மாவட்டக் கல்வி அலுவலரிடம் போகலாம். தனியார் பள்ளிகளுக்கென்று தனி அலுவலர் உண்டு. பள்ளிக் கல்வித்துறையின் உதவி எண் 14417.

8. அதற்குப் பிறகு: மூன்றாம் நாள், பத்தாம் நாள், மூன்றாம் வாரம்

புகார் கொடுத்ததும் பெற்றோர் நோட்டை மூடிவிடுகிறார்கள். மறுபடி நடந்தால் பிள்ளை இந்த முறை சொல்லாது, ஏனென்றால் எல்லாம் முடிந்துவிட்டதாக வீடு சந்தோஷமாக இருக்கிறது. தினமும் "இன்னிக்கு ஏதாச்சும் பண்ணாங்களா?" என்று நோண்டவும் வேண்டாம். "வேன்ல இன்னிக்கு யாரு பக்கத்துல உக்காந்த?" என்று கேட்டால் போதும்.

மூன்றாம் நாள்: ஒத்துக்கொண்டது நடக்கிறதா என்று மட்டும் பாருங்கள். உதவியாளர் அக்கா கடைசி ஸ்டாப் வரை வருகிறாரா என்று நானே திண்ணையிலிருந்து பார்த்தேன். முதல் நாள் வந்தார், இரண்டாம் நாள் இல்லை. கதிரின் அம்மா பள்ளிக்குப் போன் செய்து அந்த ஒரு விஷயத்தை மட்டும் சொன்னார். அடுத்த நாளிலிருந்து வந்தார்.

பத்தாம் நாள்: சீண்டல் இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். கதிருக்கு வேனில் நின்றது, ஆனால் விளையாட்டு பீரியடில் அவன் வகுப்புப் பையன்களே "பிசிறு" என்று தொடங்கினார்கள். இது பெரிய பையன்களின் வேலையில்லை, ஒட்டிக்கொண்ட பெயர். நோட்டில் இரண்டு புதுப் பதிவு, வகுப்பாசிரியரிடம் இன்னொரு சந்திப்பு. அவன் அம்மா வீட்டில் வேறொன்றும் செய்தார். கம்பெனியிலிருந்து ஒரு டி-ஷர்ட்டைக் கொண்டுவந்து, பிசிறு வெட்டாத தையல் எப்படி இருக்கும், வெட்டினால் எப்படி இருக்கும் என்று காட்டினார். ஒரு மணி நேரத்தில் எத்தனை பீஸ் முடிப்பேன் என்றும் சொன்னார். அவன் பெயருக்குக் கூசியதை விட அம்மா கூசுவார் என்றுதான் அதிகம் பயந்திருந்தான். அந்த முடிச்சு அங்கே கொஞ்சம் தளர்ந்தது.

மூன்றாம் வாரம்: முதலில் பார்த்த அதே அடையாளங்களைத் திரும்பப் பாருங்கள். பாட்டில் பாதி காலியாக வந்தது. ஞாயிறு சாயங்கால வயிற்றுவலி இரண்டு வாரமாக இல்லை. பட்டப்பெயர் முழுசாகப் போகவில்லை, அதற்குப் பொங்கல் லீவு வரை ஆனது. அடையாளங்கள் கொஞ்சமும் மாறாமல் இருந்தால், அல்லது படிப்பும் தூக்கமும் மேலும் கெட்டால், மனநல ஆலோசகரிடம் கூட்டிப் போங்கள். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும்.

நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். ஜூனில் வேன் ரூட்டும் டிரைவரும் உதவியாளரும் மாறுவார்கள், புது ஆட்களுக்குப் பழைய கதை தெரியாது. பள்ளி திறந்த முதல் வாரத்தில் யார் எந்த ஸ்டாப்பில் இறங்குகிறார்கள் என்று ஒரு முறை பார்த்துவிட்டு, பழைய பதிவுகளுக்குக் கீழே தேதி போட்டு எழுதி வையுங்கள்.